வாய்மொழித் தேர்வு: பேச்சு தடைப்படும் இடம் எது?

மாலை ஏழு மணிக்குமேல் பூன் லே சந்திப்பிலிருந்து புறப்படும் பேருந்தில் ஏறினால், வேலை முடித்துத் தங்குவிடுதிக்குத் திரும்பும் தமிழ் ஊழியர்கள் ஊரில் உள்ளவர்களோடு தொலைபேசியில் பேசிக்கொண்டு வருவதைக் கேட்கலாம். “இன்னிக்கு ஓவர்டைம் இருந்ததால கூப்பிட முடியலம்மா. சூப்பர்வைசர் நாளைக்கு லீவு தர்றேன்னு சொல்லியிருக்காரு” என்பதுபோல் பேச்சு ஓடும். அதில் ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன. ஆனால் அவர் எங்கும் நின்று தடுமாறுவதில்லை.

அதே பேருந்தின் பின்னிருக்கையில் நம் உயர்நிலைப் பள்ளி மாணவர் இருவர் தமிழில் பேச முயலும்போது கதை வேறாகிவிடுகிறது. அவர்கள் பயன்படுத்தும் ஆங்கிலச் சொற்களின் எண்ணிக்கை அந்த ஊழியருடையதைவிடப் பெரிதும் கூடுதலாக இருக்காது. இருந்தும் இரண்டு சொல்லுக்கு ஒரு முறை பேச்சு நிற்கிறது. “ஸோ”, “லைக்”, “அது வந்து” என்று எதையாவது போட்டு இடைவெளியை நிரப்பிவிட்டு மறுபடி தொடங்குகிறார்கள்.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் தமிழ்மொழி வாய்மொழித் தேர்வின் பாதிச் சிக்கல் புரிந்துவிடும். “ஆங்கிலம் கலக்காதே” என்று ஆசிரியர்களும் பெற்றோரும் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அறிவுரை சரிதான். ஆனால் எந்த ஆங்கிலச் சொல் பேச்சின் ஓட்டத்தை உடைக்கிறது, எது உடைப்பதில்லை என்பதை யாரும் பிரித்துச் சொல்வதில்லை. அதனால் மாணவர்கள் தவறான இடத்தில் கவனம் செலுத்துகிறார்கள். “பஸ்” என்று சொல்லிவிட்டு, பதறிப்போய் “இல்ல, பேருந்து” என்று திருத்துகிறார்கள். ஆனால் அந்த வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்த “பிகாஸ்” அவர்கள் காதிலேயே விழுவதில்லை.

சூழலையும் சற்றுப் பார்த்துவிடுவோம். 1987ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரின் தேசியப் பள்ளிகள் எல்லாவற்றிலும் ஆங்கிலமே பயிற்றுமொழி. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி ஆங்கிலம் என்று சொன்னவர்கள் 32.3 விழுக்காடு. 2020ல் அது 48.3 விழுக்காடாக உயர்ந்தது. அதே 2020 கணக்கெடுப்பில் வீட்டில் தமிழையே அதிகமாகப் பேசுவோர் 2.5 விழுக்காடு. ஆகவே இன்று தேர்வறைக்குள் நுழையும் மாணவர் பலருக்கு, சிந்தனை முதலில் ஆங்கிலத்தில் வருவது இயல்பு. அதைக் குற்றமாகப் பார்க்கத் தேவையில்லை. சிந்தனை ஆங்கிலத்தில் தொடங்கினாலும், வாக்கியம் எந்த மொழியின் எலும்புக்கூட்டில் கட்டப்படுகிறது என்பதுதான் முக்கியம்.

2027ஆம் ஆண்டு முதல் சாதாரண நிலை, வழக்கநிலைத் தேர்வுகளுக்குப் பதிலாகச் சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் வருகிறது. தேர்வின் பெயர் மாறலாம். ஆனால் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டுத் தேர்வாளரோடு நேருக்கு நேர் உட்கார்ந்து தமிழில் உரையாடும்போது மாணவர் சந்திக்கும் சிக்கல் பெயரோடு மாறிவிடாது.

ஒரு மாணவியின் பதிவை எடுத்துக்கொள்வோம். ஜூரோங் வெஸ்ட் பகுதியில் படிக்கும் உயர்நிலை நான்கு மாணவி அவர். வார இறுதியில் நான் உதவி செய்யும் வாய்மொழிப் பயிற்சிக்கு வந்தபோது, ஒரு காணொளியைக் காட்டி, “இதுல என்ன பாத்தீங்க? நீங்க அங்க இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?” என்று கேட்டேன். காணொளியில் மூதாட்டி ஒருவர் பேருந்தில் ஏறச் சிரமப்படுகிறார். மற்ற பயணிகள் கைத்தொலைபேசியில் மூழ்கியிருக்கிறார்கள். மாணவி சொன்னதை அவர் அனுமதியோடு தொலைபேசியில் பதிவு செய்து, ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதினோம். மூன்று புள்ளிகள் வரும் இடத்தில் எல்லாம் அவர் நின்றிருக்கிறார்.

“ஸோ... இந்த வீடியோல வந்து... ஒரு பாட்டி வந்து... பஸ்ல ஏற ட்ரை பண்றாங்க. பட் யாரும் ஹெல்ப் பண்ணல, பிகாஸ் எல்லாரும் வந்து... ஃபோன் யூஸ் பண்ணிக்கிட்டு... லைக்... அந்த மாதிரி. ஐ திங்க்... இஃப் நான் அங்க இருந்தா, நான் வந்து... என்ன சொல்றது... அவங்கள அசிஸ்ட் பண்ணி, சீட்ல உக்கார வைப்பேன்.”

எழுதியதைப் படித்துப் பார்த்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “நான் இவ்ளோ ‘வந்து’ சொன்னேனா?” என்றார். நான்கு முறை சொல்லியிருந்தார்.

இனி ஆங்கிலத்தை எண்ணுவோம். “ஐ திங்க்” என்பதை ஒன்றாகக் கொண்டால் மொத்தம் 14 இடங்கள். அவற்றை மூன்று குவியலாகப் பிரிக்கச் சொன்னேன். முதல் குவியல் பொருள்களின் பெயர்கள்: வீடியோ, பஸ், ஃபோன், சீட். இவை நான்கு. இரண்டாவது, “பண்ணு” என்ற சொல்லை வாலாக ஒட்டிக்கொண்ட ஆங்கில வினைகள்: ட்ரை, ஹெல்ப், யூஸ், அசிஸ்ட். இவையும் நான்கு. மூன்றாவது, வாக்கியத்தின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு கோக்கும் மூட்டுகள்: ஸோ, பட், பிகாஸ், லைக், ஐ திங்க், இஃப். இவை ஆறு.

அடுத்து, அவர் நின்ற ஒன்பது இடங்களைப் பார்த்தோம். பெயர்ச்சொல் ஒன்றைச் சொல்லிவிட்டு அவர் ஒரு முறைகூட நிற்கவில்லை. “பஸ்ல ஏற”, “சீட்ல உக்கார” என்று சரளமாகவே போயிருக்கிறார். நின்ற இடங்களில் மூன்று, ஆங்கில மூட்டுச் சொற்களுக்குப் பின்னால். ஐந்து, “வந்து”, “என்ன சொல்றது” ஆகிய நிரப்புச் சொற்களுக்குப் பின்னால். மீதி ஒன்று, பாதியில் விட்ட வினைக்குப் பின்னால்.

ஒரு மாணவியின் ஒரு பதிவை வைத்துப் பெரிய முடிவுக்கு வந்துவிட முடியாதுதான். ஆனால் பெயர்ச்சொற்கள் ஏன் தொல்லை தருவதில்லை என்பதற்கு மொழியியலில் நல்ல விளக்கம் உண்டு. டேவிட் சன்கோஃப், ஷானா பாப்லாக், ஸ்வாதி வன்னியராஜன் மூவரும் 1990ல் வெளியிட்ட ஆய்வு, தமிழும் ஆங்கிலமும் அறிந்தவர்களின் பேச்சில் வரும் ஆங்கிலப் பெயர்ச்சொற்களைத்தான் ஆராய்ந்தது. அவை தமிழ் வாக்கியத்துக்குள் வரும்போது தமிழ் வேற்றுமை உருபுகளை ஏற்று, தமிழ்ச் சொற்களைப் போலவே நடந்துகொள்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள். பஸ்ல, பஸ்ஸுக்கு, பஸ்ஸை, பஸ்ஸோட என்று சொல்லும்போது சொல் வெளியூர்க்காரராக இருந்தாலும் அடுத்து என்ன வரவேண்டும் என்பதைத் தமிழ் இலக்கணம்தான் முடிவு செய்கிறது. வாக்கியம் தன் வழியில் போய்க்கொண்டே இருக்கிறது.

மூட்டுச் சொற்கள் அப்படியல்ல. “பிகாஸ்” ஒரு சொல் மட்டும் இல்லை, அது ஒரு கட்டளை. “இனி காரணம் வரும், அது ஆங்கில வரிசையில் வரும்” என்று அது நாக்குக்குச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுவாய்க்கு அடுத்து வினை வரும். தமிழில் வினை கடைசியில்தான் வரும். ஆங்கிலத்தில் காரணத்தைக் குறிக்கும் சொல் காரணத்துக்கு முன்னால் நிற்கும். தமிழில் அது பெரும்பாலும் காரணத்தின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும்: பாத்துக்கிட்டு இருந்ததால, மழை பெஞ்சதால, நேரமானதால. பாப்லாக் 1980ல் நியூயார்க்கில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கலந்து பேசும் போர்ட்டோரிக்கோ மக்களை ஆராய்ந்தபோது, இரு மொழிகளின் சொல்வரிசையும் ஒத்துப்போகும் இடங்களில்தான் பேசுவோர் ஒரு மொழியிலிருந்து மற்றதற்கு எளிதாகத் தாவுகிறார்கள் என்று கண்டார். ஸ்பானிஷுக்கும் ஆங்கிலத்துக்கும் அப்படிப்பட்ட இடங்கள் நிறைய. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் வரிசை ஏறக்குறைய தலைகீழ். ஆகவே ஆங்கில மூட்டோடு தொடங்கிய வாக்கியம் பாதியில் தமிழ்ப் பாதைக்கு மாறவேண்டி வருகிறது. அந்தத் திருப்பத்தில்தான் நாக்கு நிற்கிறது. நின்ற இடத்தை நிரப்ப “லைக்” வருகிறது.

பேருந்தில் பேசிய ஊழியரின் வாக்கியத்தை இப்போது மறுபடி பாருங்கள். ஓவர்டைம், சூப்பர்வைசர், லீவு எல்லாம் பெயர்கள். மூட்டுகளோ “இருந்ததால”, “தர்றேன்னு”. இரண்டும் தமிழ்.

மாணவியின் “இஃப் நான் அங்க இருந்தா” என்ற பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. கவனித்தால், அவர் நிபந்தனையை இரண்டு முறை சொல்லியிருக்கிறார். முன்னால் “இஃப்”, பின்னால் “இருந்தா” என்பதில் உள்ள “-ஆ”. தமிழ் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. “இஃப்” அங்கே சம்பளம் வாங்காமல் நிற்கிறது. அதை எடுத்துவிட்டால் “நான் அங்க இருந்தா” என்பது அப்படியே முழுமையான தமிழ். புதிதாக எதையும் கற்கத் தேவையில்லை. “ஈவன் தோ மழை பெஞ்சாலும்”, “ஆல்ஸோ என் தம்பியும்”, “பிகாஸ் லேட் ஆனதால” ஆகியவையும் இதே வகை. உங்கள் பேச்சைப் பதிவு செய்து கேட்டால் இந்த இரட்டைகள் நிச்சயம் சிக்கும். முதலில் திருத்தவேண்டியவை இவையே. நீக்கினாலே போதும்.

இரட்டையாக இல்லாத மூட்டுகளுக்கு மாற்று வேண்டும். இங்கே மாணவர்கள் செய்யும் தவறு, உடனே வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்ப முயல்வது. “எல்லாரும் ஃபோனப் பாத்துக்கிட்டு இருந்ததால யாரும் உதவல” என்பது நல்ல வாக்கியம்தான். ஆனால் காரணத்தைப் பின்னால் சொல்லப் பழகிய மாணவருக்குப் பேச்சின் நடுவே அப்படித் திருப்புவது கடினம். அதற்குத் தேவையும் இல்லை. பேச்சுத் தமிழிலேயே காரணத்தைப் பின்னால் சொல்ல ஒரு வழி இருக்கிறது: “யாரும் உதவல. ஏன்னா எல்லாரும் ஃபோனையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.” முதல் வாக்கியத்தை முடித்துவிட்டு, “ஏன்னா” என்று புதிதாகத் தொடங்கலாம். “பட்” என்பதற்கு “ஆனா”. “ஸோ” என்பதற்கு “அதனால”. இவை மூன்றும் வாக்கியத்தின் தலையில் நிற்கக்கூடியவை என்பதால், ஆங்கில வரிசையில் யோசிக்கும் மாணவருக்கும் கைகொடுக்கும்.

“ஐ திங்க்” சற்றுக் கடினம். அதன் இயல்பான தமிழ் வடிவம் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும்: “இளையர்கள் எழுந்து இடம் கொடுக்கணும்னு நினைக்கிறேன்.” கருத்தைச் சொல்லி முடித்த பிறகுதான் “இது என் எண்ணம்” என்று சொல்ல முடிகிறது. முன்னாலேயே சொல்லவேண்டும் என்றால் “எனக்கு என்ன தோணுதுன்னா” அல்லது “என் கருத்து என்னன்னா” என்று தொடங்கலாம். “-ன்னா” என்று முடிவதால் அதன்பின் எந்த வாக்கியத்தையும் முழுதாக வைக்கலாம், எதையும் திருப்ப வேண்டியதில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. இதை ஒவ்வொரு பதிலிலும் மூன்று முறை சொன்னால் அதுவே இன்னொரு “லைக்” ஆகிவிடும். மனப்பாடம் செய்த தொடர்களைத் தேர்வாளர் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார். தொடர் மட்டும் கடகடவென்று வரும், அதற்குப் பின் வரும் சொந்தக் கருத்து தள்ளாடும்.

இனி இரண்டாவது குவியல், “பண்ணு” வினைகள். இங்கே ஒரு தவறான நம்பிக்கையை முதலில் அகற்றவேண்டும். “பண்ணு” கெட்ட சொல் என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். “முடிவு பண்ணினேன்”, “கல்யாணம் பண்ணினாங்க” என்பவை நல்ல பேச்சுத் தமிழ். சிக்கல் எதில் என்றால், “பண்ணு” முன்னால் எந்த ஆங்கில வினையை வைத்தாலும் ஏற்றுக்கொள்ளும். அதனால் மாணவர் தமிழ் வினையைத் தேடும் பழக்கமே போய்விடுகிறது. தேர்வில் “ஆங்கிலம் கூடாது” என்ற நினைவு வந்ததும், ஊன்றுகோல் பிடுங்கப்பட்டவர்போல் வினை வரவேண்டிய இடத்தில் நின்றுவிடுகிறார்.

அப்போது அவர் செய்வது, ஆங்கில வினைக்கு அகராதியில் உள்ள தமிழ்ச் சொல்லைத் தேடுவது. “ட்ரை” என்றால் “முயற்சி செய்தல்”. ஆகவே “ஏறுவதற்கு முயற்சி செய்கிறார்” என்று எழுத்துத் தமிழ் வருகிறது. அடுத்த வாக்கியமும் அதே நடையில் வரவேண்டும், அது வராது, மறுபடி நிற்பார். 2005ஆம் ஆண்டில் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தையும் கற்பித்தலையும் ஆராய்ந்த மறுஆய்வுக் குழு, பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. உரையாடலில் பேச்சுத் தமிழில் பேசுவது தவறே இல்லை. பத்தியை வாசிக்கும்போது எழுத்துத் தமிழ், உரையாடும்போது பேச்சுத் தமிழ். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, “மரியாதையாக” இருக்கவேண்டும் என்று செய்தி வாசிப்பாளர்போல் தொடங்கி, மூன்றாவது வாக்கியத்தில் மூச்சு வாங்கும் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஆங்கிலத்திலிருந்து தப்பித்து எழுத்துத் தமிழில் மாட்டிக்கொள்வதும் சரளத்தைத்தான் கெடுக்கிறது.

பேச்சுத் தமிழில் “ட்ரை” என்பதற்குத் தனிச் சொல்லே வேண்டாம். “ஏறப் பாக்குறாங்க” என்றால் போதும். ஏற, பேச, தூக்க என்று எதனோடும் “பாக்குறாங்க” சேரும். “யூஸ் பண்றாங்க” என்பதற்கும் “பயன்படுத்துறாங்க” என்று எப்போதும் சொல்லத் தேவையில்லை. ஃபோனை என்ன செய்கிறார்கள்? பார்க்கிறார்கள், பேசுகிறார்கள், அதில் விளையாடுகிறார்கள். காணொளியில் கண்ட செயலைச் சொன்னால் வினை தானாக வரும். ஆங்கிலத்தின் பொதுவான வினையை மொழிபெயர்க்கப் போனால்தான் தொலைந்துபோகிறோம். “அசிஸ்ட் பண்ணி” என்ற இடத்தில் மாணவியிடம், “சரி, கையால என்ன செய்வீங்க?” என்று கேட்டேன். “கையப் பிடிச்சு ஏத்திவிடுவேன்” என்றார், ஒரு நொடிகூட யோசிக்காமல். அந்தச் சொற்கள் அவரிடம் இருந்தன. “அசிஸ்ட்” குறுக்கே நின்றுகொண்டிருந்தது.

நிரப்புச் சொற்களுக்கு வருவோம். “வந்து” என்பதை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். “எங்க பாட்டி வந்து ஜூரோங் ஈஸ்ட்ல இருக்காங்க” என்று சொல்லும்போது, யாரைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பதை அது எடுத்து நிறுத்துகிறது. ஊரில் நன்றாகப் பேசுபவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ இருவரும் 2002ல் ஆங்கிலப் பேச்சில் வரும் “அஹ்”, “அம்” ஒலிகளை ஆராய்ந்து, அவை வெறும் குப்பை அல்ல, “சற்றுத் தாமதமாகும், காத்திருங்கள்” என்று கேட்பவருக்குச் சொல்லும் சைகைகள் என்றார்கள். முதலாவது சிறு தாமதத்துக்கு, இரண்டாவது பெரிய தாமதத்துக்கு. “வந்து”, “அது வந்து” என்பவற்றையும் அப்படிப் பார்க்கலாம் என்பது என் கணிப்பு.

அப்படியானால் தேர்வில் ஏன் அது உறுத்துகிறது? சைகை எப்போதாவது வந்தால்தான் சைகை. மாணவி “வந்து” சொன்ன நான்கு இடங்களையும் பாருங்கள்: வீடியோல வந்து, பாட்டி வந்து, எல்லாரும் வந்து, நான் வந்து. எல்லாமே வாக்கியத்தின் முன்பகுதி. பேச்சைத் தொடங்கிவிட்டார், ஆனால் கடைசியில் வரவேண்டிய வினை இன்னும் கையில் இல்லை. தமிழில் வினை இறுதியில் வருவதால், வினை தெரியாமல் தொடங்கினால் நடுவில் எங்காவது காத்திருந்தே ஆகவேண்டும். ஆங்கிலத்தில் வினை சீக்கிரமே வந்துவிடுவதால் பேசுபவர் தன் வாக்கியம் எங்கே போகிறது என்பதை முன்னாலேயே முடிவு செய்துவிடுகிறார். தமிழில் அந்த முடிவைத் தள்ளிப்போட முடியும். தள்ளிப்போட்டதற்கான வட்டிதான் “வந்து”.

ஆகவே காணொளியைப் பார்த்துத் தயார் செய்யக் கிடைக்கும் சில நிமிடங்களில் மாணவர்கள் பெரும்பாலும் செய்யும் ஒன்றை மாற்றச் சொல்வேன். அவர்கள் பெயர்ச்சொற்களை நினைவுபடுத்துகிறார்கள்: பேருந்து, மூதாட்டி, பயணிகள், கைத்தொலைபேசி. அதற்குப் பதிலாக வினைகளை மனத்தில் வரிசைப்படுத்தவேண்டும்: ஏறப் பாக்குறாங்க, உதவல, பாத்துக்கிட்டு இருக்காங்க, ஏத்திவிடுவேன், உக்கார வைப்பேன். ஐந்து வினைகள் கையில் இருந்தால் ஐந்து வாக்கியங்களின் முடிவு தெரிந்துவிட்டது. தொடக்கத்தை நாக்கு பார்த்துக்கொள்ளும். பெயர் மறந்துபோனால் சமாளிக்கலாம். “சக்கர நாற்காலி” நினைவுக்கு வராதவர், “நடக்க முடியாதவங்க உக்காந்து போற வண்டி” என்று சொல்லிவிட்டுப் போகலாம். தேர்வாளருக்குப் புரியும். சரளமும் கெடாது. வினை மறந்தால் வாக்கியமே கிடையாது.

திருத்துவதைப் பற்றியும் ஒன்று. “பஸ்... இல்ல, பேருந்து” என்று சொன்னவர் ஓர் ஆங்கிலச் சொல்லைத் திருத்தியிருக்கிறார், ஆனால் ஒரு நிறுத்தத்தையும் ஒரு மறுதொடக்கத்தையும் விலையாகக் கொடுத்திருக்கிறார். வாயிலிருந்து வந்துவிட்ட பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு, அடுத்த முறை அதே பொருள் வரும்போது “பேருந்து” என்று சொல்வதே மேல். அதற்காகப் பெயர்கள் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சொல்வளமும் கவனிக்கப்படும். முதியோர், தொண்டூழியர், அக்கம்பக்கம், சமூக மன்றம், உணவங்காடி நிலையம் போன்றவை நாம் நாளும் காணும் பொருள்கள். அவற்றின் தமிழ்ப் பெயர்கள் தெரியாமல் போகக் கூடாது. வேலையின் வரிசையைத்தான் நான் மாற்றச் சொல்கிறேன். முதலில் மூட்டுகள், பிறகு வினைகள், அதற்கும் பிறகே பெயர்கள்.

“லா” பற்றி யாராவது கேட்பார்கள். வாக்கியத்தின் கடைசியில் ஒட்டிக்கொள்வதால் அது பேச்சின் ஓட்டத்தைத் தடுப்பதில்லை. நண்பர்களோடு பேசுகையில் இருக்கட்டும். தேர்வாளரோடு பேசுகையில் மரியாதைக் குறைவாகத் தோன்றலாம் என்பதால் விட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

வேண்டியது ஒரு தொலைபேசியும் ஒரு தாளும். ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து, பேசியதை நிறுத்தங்களோடு அப்படியே எழுதவேண்டும். எழுதும்போது அழகுபடுத்தக் கூடாது. அங்கேதான் பலர் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். பிறகு மூன்று குவியலாகப் பிரித்து, நின்ற இடம் ஒவ்வொன்றின் முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும். உங்கள் குவியல் அந்த மாணவியின் குவியல்போல் இல்லாமலும் இருக்கலாம். வீட்டில் தமிழ் பேசும் மாணவர் சிலருக்கு மூட்டுகள் எல்லாம் தமிழில் இருக்கும், வினைகள் மட்டும் “பண்ணு”வில் தொங்கும். அவர்கள் வினையில் தொடங்கவேண்டும்.

மூன்று வாரம் கழித்து அதே காணொளிக்கு அந்த மாணவி சொன்னது இது:

“இந்தக் காணொளியில ஒரு பாட்டி பேருந்துல ஏறப் பாக்குறாங்க. ஆனா யாரும் உதவல. ஏன்னா எல்லாரும் அவங்கவங்க ஃபோனையே பாத்துக்கிட்டு இருக்காங்க. நான் அங்க இருந்தா, அவங்க கையப் பிடிச்சு ஏத்தி, என் இடத்துல உக்கார வைப்பேன்.”

“ஃபோன்” இன்னும் இருக்கிறது. நான் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பழகிய காணொளி என்பதால் இது எளிது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆகவே தயார் செய்யாத கேள்வி ஒன்றைக் கேட்டேன்: “பேருந்துல ஃபோன் பயன்படுத்தவே கூடாதுன்னு சட்டம் போட்டா நீங்க ஒத்துக்குவீங்களா?”

“ஸோ” என்று வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். இரண்டு நொடி அமைதி. பிறகு, “கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன்... ஒத்துக்க மாட்டேன். ஏன்னா அவசரமா வீட்டுக்குப் பேச வேண்டி இருக்கலாம். ஆனா முன் இருக்கையில உக்காந்திருக்கிறவங்க மட்டும் வந்து... யாராவது முதியவங்க ஏறுறாங்களான்னு பாக்கணும்” என்றார். ஒரு “வந்து” மிச்சம் இருந்தது. அடுத்த சனிக்கிழமைக்கு அவர் தானே ஒரு காணொளியைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார், ஜூரோங் ஏரித் தோட்டத்தில் குப்பை போடுபவர்களைப் பற்றி.